தொட்டி எலுமிச்சையில் பூக்கள் உதிர்வது ஏன்? நீர், உரம், கவாத்து: ஒரு விளக்கம்

புதுதில்லி: மாடித் தோட்டங்களில் பெரிய தொட்டிகளில் வளர்க்கப்படும் எலுமிச்சை மரங்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிளை தெரியாத அளவுக்குப் பூக்கின்றன. ஏப்ரல் மாத இறுதியில் பார்க்கும்போது பல மரங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க பிஞ்சுகளே எஞ்சி நிற்கின்றன. இதைக் கண்டதும் உரம் போதவில்லை என்று கருதி, கைநிறைய உரத்தை அள்ளி இடுவோர் பலர். பெரும்பாலான நேரங்களில் அந்த உரமே எஞ்சிய பிஞ்சுகளையும் உதிர்த்துவிடுகிறது. பூ உதிர்வதற்கான காரணத்தை எவ்வாறு கண்டறிவது, எப்போது உரமிடுவது, எப்போது கிளைகளை வெட்டுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியாவில் வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது மெல்லிய தோலும் மிகுந்த சாறும் கொண்ட 'காகஸி' வகை எலுமிச்சை ஆகும். தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா உதித், பூசா அபினவ் ஆகியவையும், தமிழ்நாட்டின் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 ரகமும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இங்கே கூறப்படும் காலக்கணக்கு தில்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள வட இந்தியச் சமவெளிக்கு உரியது. தென்னிந்தியாவில் குளிர் குறைவு என்பதால் மரம் ஆண்டில் இரண்டு, மூன்று முறை பூக்கும். மாதங்கள் மாறினாலும் காரணங்கள் மாறுவதில்லை.

எது இயல்பு, எது குறைபாடு?

எலுமிச்சை தன்னால் காப்பாற்ற இயன்றதைவிடப் பன்மடங்கு அதிகமாகப் பூக்கும் மரம். நூறு பூக்களில் ஒரு சில மட்டுமே முற்றிய காயாகும். எஞ்சியவற்றை மரமே கழித்துவிடுகிறது. பூக்காம்பின் அடியில் உள்ள மெல்லிய செல் அடுக்கு ஒன்று, போதிய நீரும் உணவும் வராத பூவைத் துண்டித்து விடுகிறது. ஆகவே பூக்கள் உதிர்வதை முற்றிலும் நிறுத்த இயலாது. எந்தக் கட்டத்தில், எந்த அளவில் உதிர்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

இதை அறியத் தொட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒரு நாள் உதிர்ந்தவற்றைச் சேகரித்துப் பார்த்தால் போதும். வெறும் வெள்ளை இதழ்கள் மட்டும் கிடந்தால் கவலை வேண்டியதில்லை. இதழ்கள் விழுந்த பின் பச்சை நிறச் சூலகம் கிளையிலேயே நிற்கும், அதுவே பிஞ்சாகும்.

முழுப் பூக்கள் விழுந்திருந்தால், அவற்றின் நடுப்பகுதியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் பச்சைக் குமிழ் போன்ற சூலகமும், அதன்மேல் தடித்த சூலகத் தண்டும் இல்லாமல் மகரந்தத் தாள்கள் மட்டும் இருந்தால் அது ஆண் பூ. எலுமிச்சை மரம் இருபால் பூக்களுடன் இத்தகைய ஆண் பூக்களையும் ஈனும், அவை காய்க்காமல் உதிர்ந்தே தீரும். உதிர்ந்தவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்களாக இருந்தால், பூ அரும்பிய காலத்தில் மரம் நலிவுற்றிருந்தது என்று பொருள். அந்தப் பருவத்துக்கு அதைச் சரிசெய்ய இயலாது. அடுத்த பருவத்துக்கு மரத்தைத் தயார் செய்வதே வழி.

மாறாக, நன்கு வளர்ந்த சூலகத்துடன் கூடிய பூக்களும், மிளகு அல்லது பட்டாணி அளவுப் பிஞ்சுகளும் காம்போடு விழுந்தால், பூக்கும் காலத்தில் ஏதோ ஒரு நெருக்கடி நேர்ந்துள்ளது என்று கொள்ளலாம். நம்மால் தடுக்கக்கூடிய உதிர்வு இதுவே.

மகரந்தச் சேர்க்கை நடைபெறவில்லை என்பது பலரும் முதலில் கூறும் காரணம். காகஸி எலுமிச்சை தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. காற்றும் தேனீயும் வந்துபோகும் திறந்த மாடியில் இது முதன்மைக் காரணமாக இருப்பது அரிது. கண்ணாடி அடைத்த மாடத்தில் வைக்கப்பட்ட மரமாக இருந்தால் மட்டும், மென்மையான தூரிகையால் பூக்களை ஒன்று மாற்றி ஒன்றாகத் தடவிவிடுவது பயன்தரும்.

நீர்: தொட்டியின் நடுவில் மறைந்திருக்கும் வறட்சி

தொட்டி எலுமிச்சையில் பூ உதிர்வதற்கு முதற்காரணம் நீரின் ஏற்றத்தாழ்வு. நிலத்தில் உள்ள மரத்தின் வேர், மேல்மண் காய்ந்தாலும் ஆழத்தில் ஈரத்தைத் தேடிச் செல்லும். தொட்டி மரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. மண் காயும்போது இலைகள் தமக்குத் தேவையான நீரை இழுத்துக்கொள்ள, பூவும் பிஞ்சும் முதலில் வாடுகின்றன. வாடிய மரத்துக்குத் திடீரென நிறைய நீர் ஊற்றியதும், அடுத்த சில நாட்களில் பிஞ்சுகள் கொத்தாக உதிர்வதைக் காணலாம்.

தினமும் நீர் ஊற்றுகிறோமே, பிறகு எப்படி வறட்சி ஏற்படும் என்ற கேள்வி எழலாம். தென்னை நார்க்கழிவு மிகுந்த மண்கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் எளிதில் நீரை ஏற்காது. களிமண் கலந்த கலவை காயும்போது சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விடும். ஊற்றும் நீர் அந்த இடைவெளி வழியே இறங்கி, உடனே அடித்துளையில் வெளியேறும். பார்ப்பவருக்கு நீர் நிறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் வேர்ப்பந்தின் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும்.

இதைக் கண்டறிய, நீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை செருகி எடுக்க வேண்டும். குச்சியில் ஈரமண் ஒட்டாமல் வந்தால் நடுப்பகுதிக்கு நீர் சேரவில்லை. அப்போது நீரை ஒரே முறையில் ஊற்றாமல், முதலில் இரண்டு லிட்டர், பத்து நிமிடம் கழித்து இரண்டு லிட்டர் என்று மெதுவாக மூன்று, நான்கு தவணைகளில் ஊற்றி, குச்சி ஈரமாக வரும் வரை தொடர வேண்டும். இடைவெளி தெரியும் இடங்களில் மட்கிய உரம் கலந்த மண்ணை இட்டு அழுத்திவிட வேண்டும்.

எதிர்மறையான நிலையும் உண்டு. மண் எப்போதும் சேறாக இருந்தால் வேர்களுக்குக் காற்று கிடைக்காமல் அவை அழுகும். இலைகள் மஞ்சளாகித் தொங்கும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடுவது இதன் அடையாளம். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குள் நீர் எளிதில் இறங்காது. எனவே ஈரம் தேங்கும் அடுக்கு மேலே ஏறி வேரை நெருங்கும். துளைகளின் மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்து, அடி முதல் மேல் வரை ஒரே கலவையை நிரப்புவதே போதுமானது. பொதுவாக, மேல்மண் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் வரை காய்ந்த பிறகு, அடித்துளையில் சற்று நீர் கசியும் அளவுக்கு ஊற்ற வேண்டும்.

தோட்டக்கலைப் பண்ணைகளில் நீரைச் சில வாரங்கள் நிறுத்தி, மரத்தை வாட்டிப் பூக்கச் செய்யும் முறை உண்டு. இதைத் தொட்டியில் அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது. நிலத்தில் வாரக்கணக்கில் நிகழும் வறட்சி, தொட்டியில் சில நாட்களிலேயே நிகழ்ந்துவிடும். எலுமிச்சை தன் உணவின் ஒரு பகுதியை இலைகளிலேயே சேமித்து வைக்கிறது. இலை உதிரும் அளவுக்கு வாட்டினால், பிஞ்சுகளுக்கு உரிய சேமிப்பையும் சேர்த்து இழக்க நேரிடும்.

உரம்: எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முக்கியம்

தொட்டியில் ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் சத்துகள் கரைந்து வெளியேறுகின்றன. எனவே சிறிய அளவில் அடிக்கடி உரமிடுவதே முறை. எலுமிச்சைக்குத் தழைச்சத்து மிகுதியாகத் தேவை. ஆனால் அது கிடைக்கும் காலம் பொருந்தாவிட்டால் தீங்காகும். பூவரும்பு தெரியும்போதும் பூக்கும்போதும் யூரியா போன்ற வீரியமான தழைச்சத்து உரத்தை இட்டால், மரம் புதுத் தளிர்களை வேகமாக விடும். தளிரும் பூவும் ஒரே உணவுக்குப் போட்டியிடும்போது தளிரே வெல்லும்.

சுமார் 60 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில், நான்கைந்து வயதான மரத்துக்குக் கீழ்க்கண்ட முறை பொருந்தும். குளிர் தணியத் தொடங்கும் ஜனவரி இறுதியில், மேல்மண்ணைச் சிறிதளவு கிளறி, நன்கு மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒன்றரை கிலோவும், வேப்பம் புண்ணாக்கு 100 கிராமும் இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். அரும்பு தோன்றியது முதல் பிஞ்சுகள் பட்டாணி அளவை அடையும் வரை வேறு எதுவும் இடத் தேவையில்லை. அதன் பின், நீரில் கரையும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு கிராம் வீதம் கரைத்து, ஈரமான மண்ணில் இரண்டு லிட்டர் அளவு, 15 நாட்களுக்கு ஒருமுறை ஊற்றலாம். காய்ந்த மண்ணில் உரக்கரைசலை ஊற்றினால் வேர்நுனிகள் கருகும். மே, ஜூன் மாத உச்ச வெயிலில் இதை நிறுத்திவைத்து, மழைக்காலத்தில் தொடர்ந்து, அக்டோபரில் முடித்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் வேர்களின் இயக்கம் குறைவதால் அப்போது இடும் உரம் பயன்படாமல் உப்பாகத் தேங்கும்.

எந்தச் சத்து குறைவு என்பதை இலைகளே காட்டும். முதிர்ந்த இலைகள் முழுமையாக வெளிர் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலையின் ஓரங்கள் மஞ்சளாகி, காம்பருகே மட்டும் பச்சை நிறம் ஆப்பு வடிவில் எஞ்சியிருந்தால் மக்னீசியக் குறைவு. எப்சம் உப்பு பயன்படுவது இந்த ஒரு நிலைக்கு மட்டுமே. இளந்தளிர்களில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இளம் இலைகள் சிறுத்துக் குறுகி, மஞ்சள் திட்டுகளுடன் இருந்தால் துத்தநாகக் குறைவு. பின்னைய இரண்டுக்கும், கடைகளில் கிடைக்கும் எலுமிச்சை இனத்துக்கான நுண்ணூட்டக் கலவையை, உறையில் குறிப்பிட்ட அளவில், புதிய தளிர்கள் ஓரளவு விரிந்த நிலையில் மாலை வேளையில் தெளிக்கலாம். பூக்கள் மலர்ந்திருக்கும்போது எதையும் தெளிக்கக் கூடாது.

நகரங்களில் இரும்புக் குறைபாட்டுக்கு மண்ணில் இரும்பு இல்லாததைவிட, கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரே பெரும்பாலும் காரணமாகிறது. அந்நீரில் உள்ள சுண்ணாம்பு, மண்ணின் காரத்தன்மையை உயர்த்தி இரும்பை வேர் ஏற்காதபடி செய்துவிடும். தொட்டியின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெண்ணிறப் படிவு காணப்படுவதும், இலை நுனிகள் கருகுவதும் உப்பு தேங்கியிருப்பதன் அறிகுறிகள். அப்போது உரத்தை நிறுத்தி, இயன்றால் மழைநீரைக் கொண்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும். எலுமிச்சை உப்பைத் தாங்காத மரம் என்பதால், இதைச் செய்யாமல் மேலும் உரமிடுவது நிலையை மோசமாக்கும்.

பூ உதிர்வதைத் தடுக்க என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியைக் கடைகளில் பரிந்துரைப்பது உண்டு. பண்ணைகளில் இது மிக நுண்ணிய அளவில் பயன்படுத்தப்படுகிறது. அளவு கூடினால் இதே மருந்து பிஞ்சுகளைக் கழிக்கும் வேலையைச் செய்யும். நீரும் நிழலும் சீராகாத நிலையில் இதனால் நிலையான பலன் இல்லை.

கவாத்து: கத்தரியைத் தள்ளிவைக்க வேண்டிய காலம்

எலுமிச்சையில் பூக்கள், முந்தைய பருவத்தில் வளர்ந்து முதிர்ந்த குச்சிகளிலிருந்து வெளிவரும் புதுத் துளிர்களில் தோன்றுகின்றன. எனவே ஜனவரியில் மரத்தை உருண்டையாக அழகுபட வெட்டிவிடுவோர், வரவிருக்கும் பூக்களையே வெட்டுகின்றனர். கடுமையாக வெட்டப்பட்ட மரம் இழந்த இலைகளை ஈடுசெய்யத் தளிர்விடுவதிலேயே முனையும். கோடையின் உச்சத்தில் வெட்டினாலோ, இதுவரை நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும்.

வட இந்தியாவில் பிப்ரவரியில் பூத்த காய்கள் மழைக்காலத்தில் பறிப்புக்கு வரும். பறிப்பு முடிந்து, பருவமழையும் ஓய்ந்த செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் முதல் வாரம் வரை கவாத்துக்கு ஏற்ற காலம். மழையின்போது வெட்டினால், காகஸி எலுமிச்சையில் பரவலாகக் காணப்படும் சொறி நோய்க் கிருமி வெட்டுக்காயம் வழியே நுழையும். அக்டோபருக்குப் பின் வெட்டினால், அதனால் தூண்டப்படும் இளந்தளிர் தில்லியின் குளிரில் கருகும். காய்ந்த குச்சிகளை மட்டும் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்.

முதலில் நீக்க வேண்டியது, ஒட்டுப்பகுதிக்குக் கீழிருந்து கிளம்பும் போத்துகளை. ஒட்டுச்செடிகள் பெரும்பாலும் ஜம்பேரி போன்ற முரட்டு எலுமிச்சையின் வேர்ச்செடி மீது கட்டப்படுகின்றன. அந்தப் போத்துகள் நீண்ட முட்களும் மாறுபட்ட இலைகளும் கொண்டு, மற்றக் கிளைகளைவிட வேகமாக உயரும். விட்டுவைத்தால் மேலுள்ள நல்ல மரத்தை நலியச் செய்துவிடும். அடுத்து, உள்நோக்கி வளர்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, பழுப்புத் தடிப்புகளுடன் சொறி நோய் கண்டவை ஆகியவற்றை நீக்க வேண்டும். மொத்த இலைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை மருந்துக்கடைச் சாராயத் துணியால் துடைப்பது நோய் பரவாமல் காக்கும்.

ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம்

மேற்கு நோக்கிய மாடியில், நீலநிற நெகிழிப் பீப்பாயைப் பாதியாக வெட்டிய தொட்டியில் ஐந்து வயது மரம் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். பிப்ரவரியில் அரும்புகளைக் கண்டதும் உரிமையாளர் ஒரு பிடி யூரியா இட்டார். மார்ச் மாதத்தில் கரும்பச்சைத் தளிர்கள் நீண்டன. மாத இறுதியில் வெப்பம் ஏறியதும் பூக்கள் காம்போடு விழுந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் சூலகம் நன்றாக உள்ளது. ஆகவே ஆண் பூக்கள் காரணமல்ல. ஊற்றிய நீர் உடனே வெளியேறுகிறது, மூங்கில் குச்சியோ உலர்ந்து வருகிறது. பிற்பகலில் தொட்டியின் மேற்குச் சுவரைத் தொட்டால் கை சுடுகிறது.

இங்கே மூன்று காரணங்கள் சேர்ந்துள்ளன: பொருந்தாத காலத்தில் இட்ட தழைச்சத்து, நடுப்பகுதியின் வறட்சி, வெப்பமடைந்த வேர்கள். முதல் நாளிலேயே தவணை முறையில் நீரூட்டி வேர்ப்பந்தை நனைக்க வேண்டும். இதனால் மிகுதியான யூரியாவும் கழுவப்படும். பின்னர் காய்ந்த இலைகள் அல்லது வைக்கோலை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு, தண்டைத் தொடாமல் மூடாக்காகப் பரப்பி, தொட்டியைச் சணல் சாக்கால் சுற்ற வேண்டும். ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கும் 'லூ' எனும் அனல்காற்றுக்கு முன்பாக, பிற்பகல் வெயிலை மட்டும் மறைக்கும்படி நிழல்வலை கட்ட வேண்டும். காலை வெயில் தடைபடக் கூடாது. மரத்துக்கு நாள்தோறும் ஆறு மணி நேர நேரடி வெயில் தேவை. இந்தப் பருவத்தில் எஞ்சிய பிஞ்சுகளை இவ்வளவே காப்பாற்றும்.

ஜூலையில் மழை தொடங்கியதும் மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். வேர்கள் சுவரை ஒட்டிப் பாய்போல் பின்னியிருந்தால், வெளிப்புறத்தில் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு கொண்ட புதுக்கலவையில், ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி மீண்டும் நட வேண்டும். ஈர மண்ணுடன் இத்தகைய தொட்டி 100 கிலோவைத் தாண்டும் என்பதால், தளத்தின் நடுவே வைக்காமல் தூண் அல்லது சுமைதாங்கும் சுவருக்கு மேலே வைப்பது பாதுகாப்பானது. செப்டம்பர் இறுதியில் மிதமான கவாத்து, ஜனவரி இறுதியில் தொழு உரம், அரும்பு கண்டபின் யூரியாவைத் தொடாமல் சீரான நீர் என்று ஆண்டு நிறைவுறும்.

அடுத்த மார்ச்சிலும் தொட்டியின் அடியில் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கவே செய்யும். ஏப்ரல் இறுதியில் கோலிக்குண்டு அளவு காய்கள் எத்தனை நிற்கின்றன என்பதை எண்ணி, முந்தைய ஆண்டுடன் ஒப்பிட்டால்தான் மாற்றம் புலப்படும். அந்த எண்ணிக்கை உயராமல், இலைகளும் தொடர்ந்து உதிர்ந்தால், அடுத்துச் சோதிக்க வேண்டியது வேரழுகலும் நீரின் உப்புத்தன்மையும் ஆகும்.